கண்டாங்கிச் சேலை லேபிளுக்குப் பெயர் வேண்டும், ஆனால் அம்மாக்கள் கடை மாதிரி ஒலிக்கக் கூடாது

மீனா_காரைக்குடி எழுதியது:

வணக்கம். இரண்டு வருடமாக வாட்ஸ்அப்பில் கண்டாங்கிச் சேலை விற்கிறேன். கடை கிடையாது. ஊரிலேயே தறி வைத்திருக்கும் மூன்று குடும்பங்களிடம் சொல்லி நெய்து வாங்குகிறேன். எல்லாம் கைத்தறி, பருத்தி, விலை 1,400 முதல் 2,200 வரை. வாங்குபவர்களில் முக்கால்வாசிப் பேர் என் அம்மாவின் தோழிகளும் அவர்களுடைய தோழிகளும்தான். நாற்பத்தைந்துக்குக் கீழே ஆளே இல்லை என்று சொல்லலாம்.

இப்போது இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கி, முறையாக லேபிள் தைத்து விற்கலாம் என்று இருக்கிறேன். குறி வைப்பது 22 முதல் 30 வயது வரை உள்ளவர்களை. பெயரைப் பார்த்ததும் 'இது நல்ல துணி' என்று தோன்ற வேண்டும், அதே நேரம் பழைய ஜவுளிக்கடை வாசனை அடிக்கக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து யோசித்ததில் மூன்று தேறின:

கண்டாங்கி காட்டன்ஸ்
ப்யூர் நெசவு
ஸ்ரீ மீனாட்சி ஹேண்ட்லூம்ஸ் (இது மாமியார் சொன்னது)

அடுத்த வருடம் கோவை கோரா காட்டனும், கொஞ்சம் வங்காள மல்மல் சேலையும் சேர்க்கலாம் என்று ஆசை. எதை எடுக்கலாம்?

---

ஈரோடு_சரவணன் எழுதியது:

மூன்றாவதை முதலில் தூக்கிப் போடுங்கள். மாமியாரிடம் நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

என் கதையைக் கேளுங்கள். 2014-ல் கடை போட்டபோது பெயர்ப்பலகையில் 'சில்க்ஸ்' என்று முடித்தேன். அப்போது பட்டுதான் பிரதானம். நான்கு வருடம் கழித்துப் பருத்தி நன்றாக ஓடுகிறதே என்று பாதிக் கடையைப் பருத்திக்கு மாற்றினேன். வருகிறவர்கள் பலகையைப் பார்த்துவிட்டுக் கல்யாணப் பட்டு கேட்பார்கள், பருத்தி அடுக்கைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பருத்தி வாங்க வேண்டியவர்களோ படியே ஏறவில்லை. அதைவிட மோசம், விலை குறைந்த ஆர்ட் சில்க்கும் வைத்திருந்தேன். ஒரு அம்மா அதை வாங்கிப் போய், 'பலகையில் சில்க்ஸ் என்று போட்டுவிட்டு நைலான் கொடுத்துவிட்டான்' என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நான் பில்லில் ஆர்ட் சில்க் என்றுதான் எழுதியிருந்தேன். பில்லை யார் படிக்கிறார்கள்?

நீங்கள் கண்டாங்கி, கோரா, மல்மல் மூன்றும் விற்கப் போகிறீர்கள். 'கண்டாங்கி காட்டன்ஸ்' என்ற பெயரில் மல்மல் விற்றால் எனக்கு நடந்ததுதான் நடக்கும்.

---

பிரியா_23 எழுதியது:

நீங்கள் குறி வைக்கிற வயதில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன் அக்கா. 'காட்டன்ஸ்', 'சில்க்ஸ்', 'ஹேண்ட்லூம்ஸ்' என்று முடிந்தாலே அது அம்மா போகிற கடை. அது தப்பில்லை. ஆனால் நான் ஃபாலோ பண்ண மாட்டேன்.

'ப்யூர்' என்று பெயரிலேயே போட்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். தள்ளுவண்டியில்கூட 'ப்யூர் காட்டன் நூத்தி அம்பது' என்றுதான் கூவுகிறார்கள். துணி எப்படி என்று நான் பெயரை வைத்துப் பார்ப்பதில்லை. போஸ்ட்டில் எடை போட்டிருக்கிறார்களா, உள்ளே தெரியுமா, துவைத்த பிறகு எடுத்த படம் இருக்கிறதா, இதைத்தான் பார்ப்பேன். பெயர் எனக்கு ஞாபகம் இருக்க வேண்டும், தோழிக்குச் சொன்னால் அவள் ஒரே தடவையில் தேடி எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

'சுதா' என்று மும்பை பிராண்டு ஒன்று இருக்கிறதே, Suta. சுஜாதா, தானியா என்ற அக்கா தங்கை இருவரும் 2016-ல் தொடங்கியது. இரண்டு பேரின் முதல் எழுத்துகளைச் சேர்த்த பெயர், இந்திக்காரர்களுக்கு நூல் என்கிற சொல்லும் காதில் விழும். 'ரா மேங்கோ' என்ற பெயரில் துணியே இல்லை, மாங்காய்தான் இருக்கிறது. இரண்டுமே எனக்கு ஒரு தடவையில் பதிந்துவிட்டன.

---

ராஜி_எண்கணிதம் எழுதியது:

சகோதரி, பிறந்த தேதி சொல்லுங்கள். ஆங்கில எழுத்தில் கூட்டுத்தொகை 5 அல்லது 6 வர வேண்டும். 6 சுக்கிரன், ஜவுளிக்கு அமோகம். தேவையானால் ஒரு 'a' அல்லது 'h' கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

---

ஈரோடு_சரவணன் எழுதியது:

ராஜி அம்மா, கோபித்துக்கொள்ள வேண்டாம். என் மச்சான் அப்படித்தான் இரண்டு 'a' கூடுதலாகப் போட்டான். நம்பிக்கையைப் பற்றி நான் பேசவில்லை. போனில் தேடுகிறவர்கள் சாதாரணமாக அடித்தால் அவன் பக்கம் வரவே மாட்டேன் என்கிறது, வேறு யாருடைய கடையோ வருகிறது. பெயர் சொல்லும்போதெல்லாம் 'ரெண்டு ஏ போடுங்க' என்று சேர்த்துச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

---

வழக்குமூட்டை எழுதியது:

டிரேட்மார்க் விண்ணப்பங்கள்தான் என் தினப்படி வேலை. அந்தப் பக்கத்திலிருந்து மூன்று பெயர்களையும் பார்க்கிறேன்.

'ப்யூர் நெசவு' பொருளை வருணிக்கிற பெயர். 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, பொருளின் வகை, தரம், தோன்றிய இடம் இவற்றை மட்டும் சொல்கிற சொல்லைப் பதிவு செய்ய மறுக்கச் சொல்கிறது. காரணம் எளிது. 'சுத்தமான நெசவு' என்று சொல்லிக்கொள்ள எல்லா நெசவாளிக்கும் உரிமை உண்டு, ஒருவர் அதை வளைத்துப் போட முடியாது. இங்கேதான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். தரத்தைப் பெயரே சொல்லட்டும் என்று எவ்வளவு தெளிவாகச் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு அந்தப் பெயர் உங்களுடையதாக ஆகாது. நாளைக்குப் பக்கத்துத் தெருக்காரர் 'ப்யூர் நெசவகம்' என்று தொடங்கினால் தடுக்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

'கண்டாங்கி' அதைவிடச் சிக்கல். கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

---

ஜவுளித்தம்பி எழுதியது:

ஆமாம், புவிசார் குறியீடு வாங்கிய பெயரை யாருமே பயன்படுத்தக் கூடாது. காஞ்சிபுரம், சுங்குடி, கோவை கோரா எல்லாம் அதில் வருகிறது. சேலையில் அந்த வார்த்தையே இருக்கக் கூடாது அக்கா, கேஸ் வரும்.

---

வழக்குமூட்டை எழுதியது:

தம்பி, பாதி சரி. குறியீடு யாருக்கும் தடை போடுவதற்காக வந்ததில்லை, அந்த ஊரில் அந்த முறைப்படி நெய்கிறவர்களுக்காக வந்தது. வேறு ஊர்ச் சரக்குக்கு அந்தப் பெயரை டிரேட்மார்க்காகக் கேட்டால் மறுப்பார்கள். மீனா விற்பது உண்மையிலேயே காரைக்குடித் தறியில் நெய்தது. அதைக் கண்டாங்கி என்று முறையாகச் சொல்லி விற்க, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. அவர் வாங்கும் நெசவாளர்களோ அவர்களுடைய சங்கமோ ஏற்கெனவே பதிந்திருக்கிறார்களா என்று முதலில் விசாரிக்கட்டும்.

ஆனால் அது ஊருக்குப் பொதுவான சொத்து. லேபிளின் பெயராக அதையே வைத்து, 'இது என் பெயர்' என்று கேட்க முடியாது. சேலை விவரத்தில் கண்டாங்கி என்று வரட்டும், லேபிள் வேறு பெயரில் இருக்கட்டும்.

'ஸ்ரீ மீனாட்சி' பதிவேட்டில் எத்தனை வகையில் இருக்கும் என்று நான் சொல்லவே தேவையில்லை.

---

ஜவுளித்தம்பி எழுதியது:

அப்படியானால் பெரிய கடைகள் எல்லாம் ஊர்ப்பெயர், சில்க்ஸ் என்று வைத்துக்கொண்டு ஓடுகிறார்களே?

---

வழக்குமூட்டை எழுதியது:

பல ஆண்டு ஒரே பெயரில் விற்று, அந்தப் பெயரைக் கேட்டால் மக்களுக்கு அந்தக் கடைதான் நினைவுக்கு வரும் என்ற நிலை வந்துவிட்டால் சட்டம் ஏற்கும். அதற்கு வருடக்கணக்கான பில், விளம்பரம் எல்லாம் ஆதாரமாகக் காட்ட வேண்டும். மீனாவிடம் இரண்டு வருட வாட்ஸ்அப் இருக்கிறது. நம்மூரின் பழைய பெயர்கள் வேறு சிலவற்றைப் பாருங்கள். நல்லி என்பது குடும்பப் பெயர், ஆர்.எம்.கே.வி. என்பது முதலெழுத்துகள். இரண்டிலும் துணியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

---

ஜவுளித்தம்பி எழுதியது:

சரி, எனக்கு ஒரு ஐடியா. நூல் நம்பரையே பெயராக வைத்தால்? 'நூறாம் நம்பர்' என்று வைக்கலாம். நம்பர் கூடக் கூடத் தரம் கூடும், தெரிந்தவர்களுக்குப் புரியும், தெரியாதவர்களுக்கு ஸ்டைலாக இருக்கும். எங்கள் கடையில் 100 கவுன்ட் என்றால் உடனே விலை ஏற்றிச் சொல்வோம்.

---

தறிச்சத்தம் எழுதியது:

நாற்பது வருடம் தறியில் இருந்தவன். கண் மங்கிவிட்டதால் இப்போது மகன் நெய்கிறான். ஜவுளித்தம்பிக்கு ஒரு வார்த்தை.

நம்பர் கூடினால் நூல் மெல்லிசாகும். தரம் கூடும் என்று அர்த்தமில்லை. கண்டாங்கி என்பது கெட்டிச் சேலை, அதற்கு 60-ஆம் நம்பர் நூல் பொருந்தும். அதையே நூறாம் நம்பரில் நெய்தால் கட்டத்தின் எடுப்பும் கரையின் கனமும் போய்விடும். அது வேறு சேலை.

தரம் எங்கே இருக்கிறது என்றால், ஒரு அங்குலத்தில் எத்தனை இழை ஓடுகிறது என்பதில். அதே அறுபதாம் நம்பர் நூலை எடுத்து நெருக்கமாகவும் நெய்யலாம், இடைவெளி விட்டும் நெய்யலாம். இடைவெளி விட்டு நெய்தவர்கள் அதன் மேல் கஞ்சியை வழித்துப் பூசி மொடமொட என்று மடித்துக் கொடுத்துவிடுவார்கள். கடையில் தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். வீட்டில் முதல் துவையலில் கஞ்சி தண்ணீரோடு போய்விடும், சேலை கொசுவலை மாதிரி ஆகிவிடும். பிரியா கேட்ட 'துவைத்த பிறகு படம்' சரியான கேள்வி. அந்தப் பெண்ணுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

பார்ப்பது எப்படி என்றால், வாங்கின சேலையை எடை போடுங்கள். கஞ்சி போக அலசி, நன்றாகக் காய வைத்து மறுபடி போடுங்கள். கொஞ்சம் குறையத்தான் செய்யும். ரொம்பக் குறைந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது கஞ்சியைத்தான். லென்ஸ் இருந்தால் ஓர் அங்குலத்துக்கு இழையையும் எண்ணிவிடலாம்.

ஆகவே நம்பரைப் பெயரில் வைக்காதீர்கள். இன்றைக்கு நூறு கிடைக்கும், நாளைக்கு நூல் விலை ஏறினால் எண்பதில் நெய்வீர்கள். பெயர் அப்போது பொய்யாகிவிடும்.

---

மீனா_காரைக்குடி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. நேற்று இரவே மூன்று தறிச் சேலைகளையும் எடை போட்டேன். இரண்டு 430 கிராம், ஒன்று 445. அலசிக் காய வைத்ததில் முதல் இரண்டும் 405, 408-க்கு வந்தன. கனமாக இருந்த மூன்றாவது 372-க்கு இறங்கிவிட்டது. கையில் எடுத்தால் அதுதான் மிக நன்றாக இருந்தது, அதைத்தான் வாடிக்கையாளர்களிடம் 'கெட்டித் துணி' என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தேன். அந்தத் தறிக்கார அண்ணனிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

பெயருக்கு வருகிறேன். துணியை நேராகச் சொல்லக் கூடாது, ஆனால் நெசவு தெரிந்த ஆள் வைத்த பெயர் என்று தோன்ற வேண்டும். அதனால் தறிச் சொற்கள், சேலைக் கட்டத்தின் பெயர்கள் என்று ஒரு பட்டியல் போட்டேன்: குறுக்கே ஓடும் ஊடை, நீளவாக்கில் ஓடும் பாவு, ஊடை இழையைக் கொண்டு ஓடும் நாடா, கோர்வை, கொட்டடி, வைரஊசி, கொசுவம். கருத்துச் சொல்லுங்கள்.

---

பிரியா_23 எழுதியது:

கொசுவம் வேண்டாம் அக்கா. எங்கள் ஹாஸ்டலில் பாதிப் பேருக்குக் கொசுதான் கேட்கும்.

கொட்டடி சேலைக் கட்டத்தின் பெயரா? நான் செய்தித்தாளில் சிறைக் கொட்டடி என்றுதான் படித்திருக்கிறேன்.

---

பெங்களூர்_சுமதி எழுதியது:

நாடா என்று வைத்தால் வடக்கே விற்க முடியாது. இந்தியில் பைஜாமாவைக் கட்டுகிற கயிறுக்கு நாடா என்று பெயர். நம்மூரிலும் பாவாடை நாடாதானே. தறிக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஓடுகிற நாடா தெரியாது.

பாவு என்றால் இங்கே பாவ் பாஜிக் கடை என்று நினைப்பார்கள்.

---

தறிச்சத்தம் எழுதியது:

கோர்வை அழகான சொல்தான். ஆனால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று தனித்தனி நாடா ஓட்டிக் கோத்து நெய்வதற்குத்தான் அந்தப் பெயர். பக்கத்தில் ஓர் ஆள் நின்று கரை நாடாவைத் தள்ள வேண்டியிருக்கும், கூலி அதிகம். உங்கள் சேலை கோர்வை போடாதது என்றால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

---

வழக்குமூட்டை எழுதியது:

சிரிப்பதோடு போகாது. இல்லாத தரம் இருப்பதாக நம்ப வைக்கிற பெயரையும் அதே 9-ஆம் பிரிவு தடுக்கிறது. கோர்வை போட்ட சேலை மட்டுமே விற்றால் அது வருணனை, போடாததை விற்றால் ஏமாற்று. இரண்டு பக்கமும் இடிக்கும். கொட்டடி, வைரஊசி போன்ற கட்டத்தின் பெயர்களும் தொழிலில் எல்லோரும் புழங்குகிற சொற்கள், தனியாக உங்களுக்குத் தருவது கடினம்.

ஊடை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சொல்லிப் பாருங்கள்.

---

மீனா_காரைக்குடி எழுதியது:

சொல்லிப் பார்த்தேன். பிரியா சொன்ன மாதிரி, பன்னிரண்டு பேருக்குப் போன் போட்டுப் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லி, காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் அடித்து அனுப்பச் சொன்னேன். எல்லோரும் முப்பதுக்குக் கீழே.

'ஊடை'க்கு வந்தவை: Udai ஐந்து பேர், Oodai மூன்று, Odai இரண்டு, Uudai ஒன்று. ஒருத்தி 'என்னது, ஓட்டையா?' என்று கேட்டாள். தமிழ் படித்த பெண்களே நெசவில் ஊடை என்றால் என்ன என்று கேட்கிறார்கள். பாதிப் பேருக்கு உடை என்றுதான் விழுந்திருக்கிறது.

---

வழக்குமூட்டை எழுதியது:

எனக்கு இருந்த பயமும் அதுதான். அதிகாரியின் காதிலும் உடை என்று விழுந்தால், சேலைக்கு உடை என்று பெயர் கேட்கிறீர்களா என்பார்.

இந்தச் சோதனை இன்னொரு விதத்திலும் தேவை. பதிவேட்டில் இருக்கிற பெயரோடு உங்கள் பெயர் ஒத்திருக்கிறதா என்று பார்க்கும்போது எழுத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள், ஒலியையும் பார்ப்பார்கள். அம்ருத்தாரா என்ற மருந்துக்கும் லட்சுமண்தாரா என்ற மருந்துக்கும் வழக்கு நடந்து உச்ச நீதிமன்றம் வரை போயிற்று, 1962-ல் தீர்ப்பு வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடக் கூடாது, அரைகுறை ஞாபகத்தோடு கடைக்கு வருகிற சாதாரண மனிதர் குழம்புவாரா என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். இரண்டும் ஒத்தவைதான் என்று முடிவாயிற்று. ஆகவே பதிவேட்டின் பொதுத் தேடலில் Oodai என்று மட்டும் தேடி 'ஒன்றும் இல்லை' என்று சந்தோஷப்படக் கூடாது. ஒலிவழித் தேடலும் இருக்கிறது. உங்கள் பன்னிரண்டு பேர் அடித்த அத்தனை எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். 24, 25 இரண்டு வகுப்பிலும் பாருங்கள், துணி 24-ல் வரும், உடுப்பு 25-ல் வரும். சேலையை இரண்டிலும் போடுகிறவர்கள் இருப்பதால் ஒன்றை விட்டால் பாதிதான் பார்த்ததாகும். கடை நடத்துகிறவர்களுக்காக 35-ஐயும் ஒரு பார்வை பாருங்கள்.

---

கடலூர்_நிஷா எழுதியது:

மேடம், நானும் வீட்டிலிருந்து சேலை விற்கிறேன். சூரத் லாட் பீஸ் 180 ரூபாய்க்கு யார் தருவார்கள்? மினிமம் எத்தனை எடுக்க வேண்டும்?

---

ஈரோடு_சரவணன் எழுதியது:

நிஷா, இங்கே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம் அம்மா. லாட்டுக்குத் தனியாக இழை தொடங்குங்கள், நானே வந்து பதில் சொல்கிறேன்.

---

பிரியா_23 எழுதியது:

அக்கா, தறியை விட்டு வெளியே வரலாமே? தறிச் சொல் உங்களுக்கும் ஐயாவுக்கும் அழகு. எனக்குச் சேலை என்றால் வீட்டுக் கொடியில் காய்கிறதுதான் ஞாபகம் வரும். டிரைகிளீனிங் கொடுக்காமல் வீட்டிலேயே துவைத்துப் போடலாம் என்பதுதான் பருத்தியில் எனக்குப் பெரிய விஷயம். 'கொடி' என்று வைத்தால்? Kodi. நான்கு எழுத்து.

---

பெங்களூர்_சுமதி எழுதியது:

பிரியா, தெலுங்கில் கோடி என்றால் கோழி. Kodi என்று எழுதினால் ஐதராபாத்திலிருந்து யாராவது பிரியாணி ஆர்டர் போடுவார்கள்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. கண்டாங்கி வெயிலுக்கு நல்ல சேலை, கோராவும் மல்மல்லும் அப்படியே. மூன்றுக்கும் பொது அதுதான். 'வெயில்' என்று வைத்தால் என்ன? எல்லாருக்கும் தெரிந்த சொல், ஆனால் சேலையைப் பற்றிச் சொல்கிற சொல் இல்லை. மஞ்சள், செங்கல் நிறம் எல்லாம் அதற்குள் தானாக வந்துவிடும்.

---

வழக்குமூட்டை எழுதியது:

இது நான் எதிர்பார்த்த வகை. துணியை வருணிக்காமல் துணியின் குணத்தை மறைமுகமாக நினைவூட்டுகிற சொல். வெயிலில் கட்டுகிற சேலை என்று வாங்குகிறவர் மனதிலேயே ஒரு படி யோசிக்க வேண்டும், அந்த ஒரு படிதான் சட்டத்துக்குப் போதும். ஆனால் நல்ல சொல் என்றால் வேறு யாருக்கும் தோன்றியிருக்கும். தேடிவிட்டுத்தான் காதலியுங்கள்.

---

தறிச்சத்தம் எழுதியது:

வெயிலில் சாயம் வெளுக்கும். பருத்திச் சேலையை நிழலில்தான் காய வைக்க வேண்டும். பெயரைப் பார்த்துவிட்டு வெயிலில் போட்டுவிட்டு உங்களிடம் சண்டைக்கு வரப் போகிறார்கள்.

---

மீனா_காரைக்குடி எழுதியது:

ஐயா, சிரித்துவிட்டேன், அப்புறம் யோசித்தேன். சரிதான். 'வெயிலில் கட்டு, நிழலில் காய வை' என்று அட்டையிலேயே போட்டால் போயிற்று. எனக்கு அந்த வரி பெயரைவிடப் பிடித்துவிட்டது.

அதே பன்னிரண்டு பேரிடம் 'வெயில்' சோதித்தேன். ஒன்பது பேர் Veyil, இரண்டு பேர் Veyyil. ஒருவருடைய போன் தானாகவே Veil என்று திருத்தி அனுப்பியிருக்கிறது. அவர் கவனிக்கவே இல்லை.

---

பிரியா_23 எழுதியது:

Veil என்றால் முகத்திரை. சேலைக்கடைக்கு அது வேறு மாதிரி அர்த்தம் ஆகிவிடாதா? ஆனால் பன்னிரண்டில் ஒன்பது நல்ல கணக்கு அக்கா.

---

ஈரோடு_சரவணன் எழுதியது:

எனக்கு உடன்பாடு இல்லை. வெயில் என்றால் எங்கள் ஊரில் கஷ்டம் என்று அர்த்தம். காசு கொடுத்து யாராவது வெயிலை வாங்குவார்களா? என் மனைவியிடம் கேட்டேன், 'சன்ஸ்கிரீன் கம்பெனியா?' என்றாள். அவளுக்கு 41 வயது, நீங்கள் குறி வைக்கிற ஆள் இல்லைதான். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

---

மீனா_காரைக்குடி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இன்னும் இரண்டு பெயர் பட்டியலில் சேர்ந்தது. தேடலில் ஒன்று அடிபட்டது, ஒலி மிக நெருக்கம். மிச்சத்தில் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. படிவம் TM-A, 24, 25 இரண்டு வகுப்பு. தனிநபர் என்பதால் இணையத்தில் வகுப்புக்கு 4,500, மொத்தம் 9,000 ரூபாய். சொல் தமிழ் என்பதால் அதை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது, என்ன பொருள் என்றும் கேட்டார்கள். எந்தப் பெயர் என்று இப்போது சொல்ல மாட்டேன். சரவணன் அண்ணா சண்டைக்கு வருவார்.

அதுவரை லேபிளில் பெயர் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போடக் கூடாதாமே, வழக்குமூட்டை?

---

வழக்குமூட்டை எழுதியது:

போடக் கூடாது. பதிவு கிடைத்த பிறகுதான் அது, முன்னாலேயே போடுவது சட்டப்படி தவறு. டி.எம். என்று சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம். பரிசோதனை அறிக்கையில் ஆட்சேபம் வந்தால் முப்பது நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும், மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அதைத் தாண்டினால் டிரேட்மார்க் இதழில் வெளியிடுவார்கள், நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்கவில்லை என்றால் பதிவு ஆகும். பத்து வருடத்துக்குச் செல்லும்.

---

மீனா_காரைக்குடி எழுதியது:

சரி. தரத்தைப் பெயரிலிருந்து எடுத்து அட்டைக்கு மாற்றிவிட்டேன். முன்பக்கம் பெயர் மட்டும். பின்பக்கம் இப்படி:

காரைக்குடி கைத்தறி, முழுப் பருத்தி
நூல்: 60-ஆம் நம்பர்
எடை: கஞ்சி போக அலசிய பின் 405 கிராம்
நெய்தவர் பெயர்
வெயிலில் கட்டு, நிழலில் காய வை

கைத்தறி முத்திரைக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன், அது கிடைத்தால் தனியாகத் தைப்பேன். கண்டாங்கி என்ற சொல்லை நெசவாளர் சங்கத்தில் விசாரித்த பிறகுதான் அட்டையில் ஏற்றுவேன். அந்த 372 கிராம் அண்ணனிடமும் பேசினேன். அலசிய எடையைத்தான் இனி அட்டையில் போடுவேன் என்று மட்டும் சொன்னேன், குறை சொல்லவில்லை. அடுத்த சேலை 398 வந்தது. கூலியில் நூற்றைம்பது கூடுதலாகக் கேட்டார், கொடுத்தேன்.

அட்டை சரியாக இருக்கிறதா ஐயா? நாளை அச்சுக்குப் போகிறது.

---

தறிச்சத்தம் எழுதியது:

நூறு அட்டைக்கு மேல் அடிக்காதே அம்மா. '60-ஆம் நம்பர்' என்று ஒன்றைத்தான் போட்டிருக்கிறாய். அது பாவா, ஊடையா? பாவில் அறுபது ஓட்டிவிட்டு ஊடையில் நாற்பது அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சீக்கிரம் நெய்து முடியும், எடையும் நன்றாகக் காட்டும், அலசினாலும் குறையாது. உன் எடைக் கணக்கில் அது மாட்டாது. அந்த அண்ணன் சேலை 372-லிருந்து 398-க்கு எப்படி ஏறியது என்று லென்ஸ் வைத்துப் பார்த்தாயா?

---

மீனா_காரைக்குடி எழுதியது:

இல்லை ஐயா. லென்ஸ் நாளைக்குத்தான் வருகிறது. அச்சுக்காரரிடம் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.